எல்லாக் காட்சியும் ஏன் பழுப்பாகவே வருகிறது?

கேள்வி: "திரைப்படங்களைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். பிரேம்களை எடுத்து, பைத்தானில் கே-மீன்ஸ் ஓட்டி, ஒவ்வொரு காட்சிக்கும் ஆறு நிறங்கள் கொண்ட தட்டு ஒன்று தயாரித்தேன். எந்தக் காட்சியைக் கொடுத்தாலும் பழுப்பும் கருப்பும் சாம்பலும்தான் வருகின்றன. எங்கே தவறு செய்கிறேன்? இந்தத் தட்டுகளை வைத்துப் படத்தின் மனநிலையையும் கிரேடிங்கையும் பேச முடியுமா?"

உங்கள் நிரலில் பெரும்பாலும் பிழை இருக்காது. அந்தப் பழுப்பு உண்மையாகவே பிரேமில் இருக்கிறது. எண்ணிக்கையில் எது அதிகமோ அதைத்தான் கணக்கு சொல்கிறது. கண்ணில் முதலில் பட்டது எது என்று அதற்குத் தெரியாது. அதனால் உங்கள் கேள்வியின் முதல் பாதிக்கு என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடியும். இரண்டாம் பாதியில் கிரேடிங் குறித்து ஓரளவு உறுதியாகவும், மனநிலை குறித்து மிகுந்த தயக்கத்தோடும்தான் பேச முடியும். நான் பதினான்கு ஆண்டுகளாகக் கலரிஸ்ட் வேலை, அதாவது எடுத்த படத்தின் நிறங்களைத் திருத்தும் கிரேடிங் வேலை, பார்ப்பவன். நிரல் எழுதுவது என் வேலைக்காகப் பிற்பாடு கற்றுக்கொண்டது. அதில் என்னைவிடத் தேர்ந்தவர்கள் இங்கே நிச்சயம் இருப்பார்கள்.

பழுப்பு என்று தனியாக ஒரு ஒளி கிடையாது. ஆரஞ்சின் ஒளியைக் குறைத்து, சுற்றிலும் அதைவிட வெளிச்சமான பகுதி ஒன்றை வைத்தால் நாம் அதைப் பழுப்பு என்கிறோம். மனிதத் தோல், மரம், மண், செங்கல், மஞ்சள் விளக்கொளி படும் சுவர் எல்லாமே செறிவு குறைந்த ஆரஞ்சுதான். மனிதர்கள் வீட்டுக்குள் நின்று பேசும் காட்சி எதை எடுத்தாலும் பரப்பில் பெரும்பகுதி பொதுவாக இந்த வட்டாரத்தில்தான் விழும். கே-மீன்ஸ் செய்வது, புள்ளிகளை நிறம் ஒத்த கொத்துகளாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் கொத்தின் மையத்துக்கும் இடையிலுள்ள தூரத்தை இருமடியாக்கிக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையைக் குறைப்பது. ஆகவே புள்ளிகள் குவிந்திருக்கும் இடத்துக்கே மையங்கள் இழுபடும். ஆறு கட்டங்களில் மூன்று கருப்பின் வெவ்வேறு சாயல்களாக வருவது இதனால்தான். நடுவில் நிற்கும் பெண்ணின் சிவப்பு ரவிக்கை பிரேமின் 2 சதவீதம் என்று வையுங்கள். 200-க்கு 84 என்று சுருக்கிய படத்தில் மொத்தம் 16,800 புள்ளிகள். அவளுடைய சிவப்புக்குக் கிடைப்பது 336. அவை அருகிலுள்ள மரப்பழுப்போடு ஒரே கொத்தில் சேர்ந்து, பழுப்பைச் சற்றே செம்மையாக்கிவிட்டுக் காணாமல் போகும். பார்வையாளரின் கண் அந்தக் காட்சி முழுவதும் அந்த ரவிக்கையில்தான் இருந்திருக்கும்.

இன்னொரு சிக்கலும் இதோடு ஒட்டியிருக்கிறது. கொத்தின் மையம் என்பது சராசரி. நீலமும் மஞ்சளும் ஒரே கொத்தில் விழுந்தால் அவற்றின் மையம் சாம்பலாக இருக்கும். அந்தச் சாம்பல் பிரேமில் எங்குமே இருக்காது. ஒவ்வொரு பிரேமையும் ஒரே நிறமாகக் குறுக்கி, முழுப் படத்தையும் கோடுகளாக அடுக்கும் பட்டைகள் இணையத்தில் நிறைய உலவுகின்றன. அவை ஏன் எப்போதும் மங்கலான மண் நிறத்தில் இருக்கின்றன என்பதற்கும் காரணம் இந்தச் சராசரிதான். அழகாக இருக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அவற்றை வைத்து 'இந்த இயக்குநர் மங்கலான நிறங்களை விரும்புபவர்' என்று எழுதுவது தவறு.

இதற்கு நான் செய்யும் திருத்தங்கள் சிலதான். ஆர்ஜிபி எண்களை விட்டுவிட்டு லேப் நிறவெளிக்கு மாறுவது முதல் படி. அதில் `L` வெளிச்சத்தைக் குறிக்கும். `a` பச்சையிலிருந்து சிவப்பு நோக்கியும், `b` நீலத்திலிருந்து மஞ்சள் நோக்கியும் போகும். இரண்டும் பூச்சியமாக இருந்தால் அந்தப் புள்ளி சாம்பல். ஆர்ஜிபியோடு ஒப்பிட்டால் இதில் எண்களின் தூரம் கண்ணுக்குத் தெரியும் வேறுபாட்டோடு நன்றாகப் பொருந்துகிறது. முழுமையாகப் பொருந்துவதில்லை, குறிப்பாக அடர்ந்த நீலத்தில். அடுத்து, வெளிச்சத்தின் எடையைப் பாதியாகக் குறைக்கிறேன். அப்போது ஒரே பழுப்பின் இருண்ட பகுதியும் வெளிச்சமான பகுதியும் தனித்தனிக் கட்டங்களைப் பிடித்துக்கொள்வது குறையும். ஏறக்குறைய முழுக் கருப்பான புள்ளிகளைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறேன். மையத்துக்குப் பதிலாகக் கொத்தின் இடைநிலை மதிப்பை எடுக்கிறேன். ஓரத்தில் கிடக்கும் ஒன்றிரண்டு புள்ளிகளால் அது இழுபடாது.

```python
import cv2, numpy as np
from sklearn.cluster import KMeans

img = cv2.imread("shot_041.png")
img = cv2.resize(img, (200, 84), interpolation=cv2.INTER_AREA)
lab = cv2.cvtColor(np.float32(img) / 255, cv2.COLOR_BGR2LAB).reshape(-1, 3)
lab = lab[lab[:, 0] > 5]
feat = lab * np.float32([0.5, 1, 1])
km = KMeans(n_clusters=6, n_init=10, random_state=1).fit(feat)
for i in range(6):
    m = km.labels_ == i
    print(np.median(lab[m], axis=0).round(), round(m.mean(), 2))
```

`INTER_AREA` என்று கொடுத்துச் சுருக்குவதற்குக் காரணம் உண்டு. அது பக்கத்துப் புள்ளிகளைச் சேர்த்துச் சுருக்குவதால் பிலிம் துகள்களும் சுருக்கக் குறைகளும் அமுங்கிவிடும். 200-க்கு 84 என்பது அகலத்திரைப் படத்துக்கானது. உங்கள் படத்தின் விகிதத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஓபன்சிவி படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் படிப்பதில்லை; நீலம் முதலில் வரும். இதை மறந்தவர்களின் தட்டில் எல்லா முகங்களும் நீலமாக இருக்கும். பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடலாம். `np.float32(img) / 255` என்ற மாற்றத்தை முழுதாக விட்டுவிட்டால் வரும் பிழை அவ்வளவு எளிதில் தெரியாது. எட்டு பிட் படத்தை அப்படியே கொடுத்தால் `L` 0 முதல் 255 வரை நீட்டப்பட்டும், `a`, `b` இரண்டும் 128 கூட்டப்பட்டும் வரும். எல்லாமே கடும் சிவப்பு மஞ்சளாக எண்ணில் தெரிந்தால் காரணம் இதுதான்.

அந்தச் சிவப்பு ரவிக்கை இந்தத் திருத்தங்களுக்குப் பிறகும் சில பிரேம்களில் தப்பிவிடும். ஆகவே தட்டின் கீழே இன்னொரு சிறு வரிசை வைக்கிறேன். `a`, `b` இரண்டின் இருமடிகளைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் செறிவு கிடைக்கும். செறிவில் முதல் 3 சதவீதத்தில் வரும் புள்ளிகளை மட்டும் தனியாகப் பிரித்து, அவற்றை இரண்டு மூன்று கொத்துகளாக்கிக் காட்டுவேன். மேல் வரிசை பரப்பைச் சொல்லும், கீழ் வரிசை உறுத்தும் நிறத்தைச் சொல்லும். கட்டுரையில் இரண்டையும் கலக்காமல் தனித்தனியாகப் பெயரிட்டுக் காட்டுங்கள். கொத்துகள் ஆறா எட்டா என்பதற்குச் சரியான விடை என்று ஒன்றில்லை. முடிவெடுத்த பிறகு எல்லாக் காட்சிக்கும் அதே எண்ணிக்கையை வைத்திருந்தால் போதும்.

எந்தப் பிரேமை எடுப்பது என்பதில் ஒரே ஒரு அறிவுரை. நொடிக்கு ஒன்று என்று எடுக்காமல் ஷாட்டுக்கு ஒன்று, அதன் நடுவிலிருந்து எடுங்கள். ஷாட்டின் தொடக்கத்தில் பழைய காட்சி கரைந்துகொண்டிருக்கலாம். `scenedetect` என்ற கருவி இதைச் செய்துகொடுக்கும்:

```
scenedetect -i film.mp4 detect-content save-images --num-images 1
```

பிறகு ஒவ்வொரு தட்டுக்கும் ஷாட்டின் நீளத்தை எடையாகக் கொடுக்கலாம். இருட்டான காட்சிகளிலும் கேமரா வேகமாகத் திரும்பும் இடங்களிலும் இந்தக் கருவி வெட்டுகளைத் தவறாகப் பிடிக்கும். ஒரு முறை கண்ணால் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

இதைவிட முக்கியமானது நீங்கள் கையில் வைத்திருக்கும் பிரதி. 'தி மேட்ரிக்ஸ்' 1999-இல் திரையரங்குக்கு வந்தது. 2008-இல் வந்த புளூ-ரே பதிப்பு, 2003-இல் வெளியான அடுத்த இரண்டு பாகங்களோடு ஒத்துப்போகும்படி அதிகப் பச்சையாக்கப்பட்டது. 2018-இல் ஒளிப்பதிவாளர் பில் போப்பின் மேற்பார்வையில் வந்த 4கே பதிப்பில் அந்தப் பச்சை தணிக்கப்பட்டு, பழைய தோற்றத்தை ஒட்டி வந்தது. ஒரே படம், ஒரே பிரேம், நிறத்தட்டுகள் வேறு. 2008-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து எடுத்த பச்சையை வைத்து '1999-இல் ஒளிப்பதிவாளர் இப்படி நினைத்தார்' என்று எழுதினால் அடிப்படையே சரிந்துவிடும். எனவே எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு என்பதைத் தட்டின் அடியிலேயே எழுதுங்கள். எச்டிஆர் கோப்பிலிருந்து நேரடியாகப் படம் பிடித்தால் எல்லாம் சாம்பல் பூசியது போல், கருப்பு கருப்பாக இல்லாமல், வெளிறி வரும். அதைப் படத்தின் 'மென்மையான கிரேடிங்' என்று பாராட்டிய கட்டுரைகளை நான் படித்திருக்கிறேன். சாதாரணத் திரைக்கு உரியபடி மாற்றாமல் எடுத்த படம், அவ்வளவுதான். முடிந்தவரை சாதாரண எச்டி பதிப்பையே பயன்படுத்துங்கள்.

இனி கிரேடிங். திரையில் தெரியும் நிறம் குறைந்தது நான்கு கைகளைத் தாண்டி வருகிறது. சுவருக்கு வண்ணமடித்த கலை இயக்குநர், உடை வடிவமைப்பாளர், விளக்கு வைத்த ஒளிப்பதிவாளர், கடைசியில் கலரிஸ்ட். நிறத்தட்டு இந்த நால்வரின் கூட்டுத்தொகையை மட்டும்தான் காட்டும். யார் பங்கு எவ்வளவு என்பதைக் காட்டாது. இதற்கு நான் மாணவர்களிடம் எப்போதும் சொல்லும் எடுத்துக்காட்டு கோயன் சகோதரர்களின் 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?' என்ற 2000-ஆம் ஆண்டுப் படம். 1930-களின் மிசிசிப்பியில் நடக்கும் கதை. படத்துக்கு வேண்டியது காய்ந்து, புழுதி படிந்த, பழைய புகைப்படம் போன்ற தோற்றம். ஆனால் படப்பிடிப்பு நடந்தது கோடையில். அங்கே கோடை என்பது ஈரம் நிறைந்த அடர்பச்சை. ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ் முதலில் ரசாயன முறைகளைச் சோதித்துப் பார்த்தார். பச்சையை மட்டும் தனியாகப் பிடித்து மாற்ற அவற்றால் முடியவில்லை. பிறகு முழுப் படத்தையும் ஸ்கேன் செய்து, கணினியில் இலைகளின் பச்சையைக் காய்ந்த மஞ்சளாக மாற்றினார்கள். முழு நீளப் படம் ஒன்றை ஆரம்பம் முதல் இறுதிவரை டிஜிட்டலாகக் கிரேடிங் செய்த முன்னோடி முயற்சிகளில் அது ஒன்று.

அந்தப் படத்தின் வயல்காட்சி ஒன்றிலிருந்து தட்டு எடுத்தால் பொன்மஞ்சளும் வைக்கோல் நிறமும் வரும். உண்மையான வறட்சிக் காலத்தில் எடுத்த, எந்தத் திருத்தமும் செய்யாத வயலிலிருந்தும் ஏறக்குறைய அதே தட்டு வரும். இரண்டையும் பிரிக்கத் தட்டால் முடியாது. 'பச்சை மஞ்சளாக்கப்பட்டது' என்று நமக்குத் தெரிவது, எடுத்தவர்கள் சொன்னதால். ஆகவே தட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு 'கிரேடிங்' என்ற சொல்லை எழுதாதீர்கள். வேறொரு சான்று வேண்டும்.

அந்தச் சான்றை ஓரளவுக்குப் பிரேமிலிருந்தே எடுக்கலாம். ஆனால் தேடவேண்டியது பளிச்சிடும் நிறங்களில் இல்லை, நிறமே இருக்கக்கூடாத பொருள்களில். எவர்சில்வர் பாத்திரம், சுண்ணாம்பு அடித்த சுவர், வெள்ளைத்தாள், கருங்கூந்தலின் நிழல்பகுதி. இவை சாம்பலாக இருக்கவேண்டியவை என்று நமக்கு முன்பே தெரியும். அவற்றின் `a`, `b` பூச்சியத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதே விளக்கோ, கேமராவோ, கலரிஸ்ட்டோ சேர்த்த சாயல். இதை மூன்று அடுக்குகளில் தனித்தனியாகப் பார்க்கவேண்டும். நாங்கள் வேலை செய்யும் மேசையில் இருண்ட பகுதிக்கும், இடைப்பகுதிக்கும், ஒளிமிக்க பகுதிக்கும் தனித்தனிச் சக்கரங்கள் இருக்கின்றன. லிஃப்ட், காமா, கெயின் என்போம். எங்கள் கை படும் இடமும் அதுதான். `L` 5 முதல் 30, 30 முதல் 65, 65-க்கு மேல் என்று பிரித்துக்கொள்ளுங்கள். முழு அடுக்கின் சராசரியை எடுக்காதீர்கள். நீலக் கதவு ஒன்று பாதிப் பிரேமை அடைத்தால் அந்தக் கதவின் வண்ணப்பூச்சைத்தான் அளந்திருப்பீர்கள். சாம்பல் பொருள் எது என்று கண்ணால் பார்த்து, 20-க்கு 20 புள்ளி அளவில் ஒரு சதுரத்தைக் கையால் தேர்ந்தெடுத்து, அதன் இடைநிலை மதிப்பை எடுங்கள்.

எண்களோடு சொன்னால் தெளிவாகும். சில ஆண்டுகளுக்கு முன் நான் கிரேடிங் செய்த குறும்படம் ஒன்றில் ஒரே சமையலறை இரண்டு முறை வருகிறது. ஒன்று, தாய் உயிரோடு இருந்த நாள்களின் நினைவு. மற்றது, அவள் இறந்த பின் மகள் பூட்டைத் திறந்து உள்ளே வரும் இன்றைய நாள். சுண்ணாம்புச் சுவர், மர அலமாரி, கருங்கல் மேடை, எவர்சில்வர் குடம். இரண்டு காட்சியிலும் ஆறு நிறத் தட்டு எடுத்துப் பார்த்தேன். ஆறில் நான்கு கட்டங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன: மரம், கல், தோல், நிழல். திரையரங்கில் பார்த்தவர்கள் இரண்டும் வேறு வீடு போல இருக்கிறது என்று சொன்னார்கள். தட்டோ இரண்டும் ஒன்றுதான் என்றது.

சாம்பல் பொருள்களை அளந்தபோதுதான் வேறுபாடு வெளியே வந்தது. நினைவுக் காட்சியில் ஜன்னல் ஒளி படும் சுவர் `L` 78, `a` 3, `b` 15. அதாவது தெளிவான இளமஞ்சள். அதே காட்சியில் அலமாரியின் அடியில் இருந்த பாத்திர நிழல் `a` 1, `b` 2; சாயலே இல்லை என்று சொல்லிவிடலாம். இன்றைய காட்சியில் சுவர் `L` 70, `a` -1, `b` 3, ஏறக்குறைய நடுநிலை. ஆனால் நிழல்கள் `a` -3, `b` -8. கண்ணுக்கு உடனே உறைக்காத, ஆனால் அறையையே குளிர்த்திவிடும் நீலப்பச்சை. இரண்டு காட்சியிலும் மகளின் கன்னத்தை அளந்தால் முதலில் `a` 14, `b` 20, பிறகு `a` 13, `b` 17. தோலின் நிறத்திசை, அதாவது `a`, `b` இரண்டுக்கும் இடையிலுள்ள விகிதம், ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. மாநிறம், கருமை, வெளுப்பு என்று எந்தத் தோலாக இருந்தாலும் சாதாரண ஒளியில் இந்தத் திசை அதிகம் மாறுவதில்லை. மாறுவது பெரும்பாலும் வெளிச்சமும் செறிவும்தான். அதனால்தான் அதை அளவுகோலாக வைக்க முடிகிறது.

இந்த எண்களைப் பார்த்த மாணவர் ஒருவர், "நினைவுக் காட்சியை நீங்கள் மஞ்சளாக்கியிருக்கிறீர்கள், இன்றைய காட்சியை நீலமாக்கியிருக்கிறீர்கள்" என்றார். பாதிதான் சரி. நினைவுக் காட்சியின் மஞ்சள் என் மேசைக்கு வருவதற்கு முன்பே இருந்தது. ஒளிப்பதிவாளர் ஜன்னலுக்கு வெளியே 3200 கெல்வின் டங்ஸ்டன் விளக்கை வைத்து, கேமராவின் வெண்சமநிலையை 4300-இல் நிறுத்தியிருந்தார். அந்த இடைவெளியில் பிறந்த மஞ்சள் அது. நான் அதைத் தொடவே இல்லை. இன்றைய காட்சியின் நிழல்களில் இருக்கும் நீலப்பச்சை மட்டும்தான் என்னுடையது. லிஃப்டை அந்தப் பக்கம் இழுத்து, தோல் கெட்டுவிடாமல் முகங்களைத் தனியாகப் பிரித்து வைத்தேன்.

நான் அங்கே இருந்ததால் இது எனக்குத் தெரியும். வெளியிலிருந்து பார்க்கும் நீங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு வழி இருக்கிறது. விளக்கொளி இடத்தைப் பொறுத்தது. அடிப்படைக் கிரேடிங் வெளிச்ச அளவைப் பொறுத்தது. ஒரே `L` உள்ள இரண்டு சாம்பல் பொருள்களைப் பிரேமின் வெவ்வேறு மூலைகளில் தேடுங்கள். நினைவுக் காட்சியில் ஜன்னலைப் பார்த்திருக்கும் சுவர்ப்பகுதி மஞ்சளாக இருந்தது. அதே வெளிச்ச அளவில், ஆனால் கூரைத் திறப்பின் ஒளியில் நின்ற குடத்தின் தோள்பட்டை மஞ்சளாக இல்லை. ஆக, மஞ்சள் ஒரு திசையிலிருந்து வருகிறது; அது விளக்கு. இன்றைய காட்சியில் இடது ஓரத்து அடுப்படி நிழலும், வலது ஓரத்து அலமாரி நிழலும், மகளின் கூந்தல் மடிப்பும் எல்லாமே `b` -7, -8 என்று ஒன்றாக நின்றன. மூன்றுக்கும் ஒரே விளக்கிலிருந்து ஒளி வர வழியில்லை. எங்கே இருட்டோ அங்கெல்லாம் ஒரே அளவில் சாயல் ஏறியிருந்தால் அது வெளிச்ச அளவைப் பார்த்துச் செய்த மாற்றம். கூடவே முகம் மட்டும் அந்தச் சாயலிலிருந்து தப்பியிருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது.

இதையும் உறுதி என்று சொல்லிவிடமாட்டேன். வலுவான ஊகம் என்பேன். பிலிமில் எடுத்த படமென்றால், பிலிம் ரகமும் பிரின்ட் எடுத்த முறையும் இதே போல நிழலுக்கு ஒரு சாயலும் ஒளிக்கு வேறு சாயலும் தரும். படப்பிடிப்பிலேயே கேமராவோடு இணைத்த நிற அட்டவணையும் அதைச் செய்யும். மறுபக்கம், கலரிஸ்ட் திரையின் ஒரு மூலையை மட்டும் வட்டமிட்டுச் சூடாக்கியிருந்தால் அது விளக்கு போலவே தோன்றி உங்களை ஏமாற்றிவிடும். ஏமாற்றவேண்டும் என்பதற்காகத்தான் அப்படிச் செய்கிறோம். ஒரு ஷாட்டில் பார்த்ததை அதே காட்சியின் எதிர்ப்பக்க ஷாட்டிலும் சோதியுங்கள். கேமரா எதிர்த்திசையில் திரும்பிய பிறகும் நிழலின் சாயல் அப்படியே இருந்தால் உங்கள் ஊகத்தின் மேல் எனக்கும் நம்பிக்கை வரும். கருப்பு வெள்ளைப் பொருளே இல்லாத காட்சியில், உதாரணமாகக் காட்டில் எடுத்த படத்தில், இந்த முறை ஏறக்குறைய பயனற்றது.

மனநிலைக்கு வருகிறேன். நீலம் சோகம், மஞ்சள் மகிழ்ச்சி என்ற அட்டவணைகளைத் தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள். வெள்ளைப் புடவை நம் ஊர்ப் பார்வையாளருக்குச் சொல்வதும், வெள்ளை உடையில் மணப்பெண்ணைப் பார்த்து வளர்ந்தவருக்குச் சொல்வதும் ஒன்றல்ல. அதைவிட அடிப்படையான தடை ஒன்றும் உண்டு. நம் கண் திரையின் சாயலுக்குப் பழகிக்கொள்கிறது. பத்து நிமிடம் மஞ்சளான காட்சியைப் பார்த்த பிறகு வரும் நடுநிலைச் சாம்பல், நீலமாகத் தெரியும். அந்தக் குறும்படத்தில் இன்றைய காட்சியின் சுவர் `b` 3. எண்ணின்படி இன்னும் மஞ்சள் பக்கம்தான். ஆனால் முந்தைய காட்சியின் 15-க்குப் பிறகு வந்ததால் பார்த்த எல்லோரும் 'குளிர்ந்த சுவர்' என்றார்கள். தனியாக எடுத்த ஒரு பிரேமின் தட்டில் அந்தக் குளிர் இல்லை. அது இரண்டு காட்சிகளுக்கு இடையில் இருக்கிறது. ஆகவே மனநிலையைப் பற்றிப் பேசவேண்டுமானால் தட்டைத் தட்டோடு ஒப்பிடுங்கள். முந்தைய காட்சியிலிருந்து எவ்வளவு நகர்ந்தது, படத்தின் பொதுவான நிலையிலிருந்து எவ்வளவு விலகியது, அந்த விலகல் கதையின் எந்த இடத்தில் நடந்தது என்று எழுதலாம். அந்த நகர்வு பார்வையாளரிடம் துக்கத்தை எழுப்பியதா என்பது உங்கள் வாசிப்பு. அதை உங்கள் வாசிப்பு என்றே எழுதுங்கள். எண்ணின் தலையில் ஏற்றாதீர்கள். இசையும் நடிப்பும் அதே நொடியில் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன.

இன்னொன்றும் செய்து பாருங்கள். அளப்பதற்கு முன்பே, காட்சியைப் பார்த்த மாத்திரத்தில் தோன்றியதை ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள்: 'இந்த அறை முந்தைய அறையைவிடக் குளிர்ந்திருக்கிறது' என்பது போல. பிறகு அளந்து பாருங்கள். தட்டு வந்த பிறகு எழுதத் தொடங்கினால் எந்த நிறத்துக்கும் ஒரு காரணம் கிடைத்துவிடும். எனக்கே அப்படி நடந்திருக்கிறது. முன்னால் எழுதியதும் அளந்ததும் முரண்பட்ட இடங்கள்தான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தன; அந்த 'குளிர்ந்த சுவர்' அப்படிக் கிடைத்ததுதான்.

அந்தச் சமையலறையைப் பற்றி நீங்கள் கட்டுரை எழுதுவதாக இருந்தால் நான் ஏற்றுக்கொள்ளக்கூடிய வாக்கியம் இப்படி இருக்கும்: 'இரண்டு காட்சிகளிலும் பரப்பில் மேலோங்கிய நிறங்கள் ஏறக்குறைய ஒன்றே. வேறுபாடு சுவரிலும் நிழலிலும் இருக்கிறது. நினைவில் ஜன்னலோரம் மட்டும் மஞ்சள். இன்றைய நாளில் நிழல்கள் எங்கும் ஒரே அளவு நீலப்பச்சை, எனவே இந்த நீலப்பச்சை கிரேடிங்கில் சேர்ந்ததாக இருக்கலாம்.' இதில் 'இருக்கலாம்' என்ற சொல்லை எடிட்டர் வெட்டச் சொன்னால் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கடைசியாக, தட்டை வெளியிடும்போது அதை வெள்ளைப் பின்னணியில் வைக்காதீர்கள். வெள்ளைக்கு நடுவில் இருண்ட நிறங்கள் எல்லாம் கருப்பாகச் சுருங்கித் தெரியும். நிழலில் நீங்கள் பாடுபட்டு அளந்த நீலப்பச்சை வாசகருக்குத் தெரியாமலே போய்விடும். `#777777` என்ற நடுச்சாம்பல் பின்னணியில் வைத்து, பக்கத்திலேயே மூலப் பிரேமையும் போட்டு, அளந்த சதுரங்கள் எங்கே இருந்தன என்று அதன்மேல் மெல்லிய கட்டமிட்டுக் காட்டுங்கள். உங்கள் அளவையை இன்னொருவர் திரும்பச் செய்து பார்க்க அது போதும்.